காது மெஷினுக்கு ஒரு நிமிஷம்

ஆறு பெட்டரியிலும் ஒட்டியிருந்த ஒரேஞ்ச் ஸ்டிக்கரை ஒரே நாளில் உரித்தது நான்தான். பிறகு அந்தப் பழியைத் தூக்கிக் கிளினிக் பிள்ளையின் தலையில் போட்டதும் நான்தான். நடந்ததைச் சொல்வதென்றால் அதிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

என் பெயர் அழகன். வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டம். அங்கே ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் ரோலர் மெஷினோடு நின்றேன். அந்த மெஷின் என் வலது ஆள்காட்டி விரலின் நுனியை ஒரு நொடியில் எடுத்தது. காதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தது. விரல் போன அன்றைக்கு ஸ்டோரே ஓடி வந்தது. காது போனதை ஒருவரும் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டப் பழகிக்கொண்டேன். ஆட்டினால் கேட்டவன் போய்விடுவான். வசதியாகத்தான் இருந்தது.

அந்த வசதி மூன்று வருஷத்துக்கு முன்னால் என்னைக் கவிழ்த்தது. புது வீட்டுக்குப் பெயர் பதிய ஆட்கள் வந்தார்கள். சனசமூக நிலையத்தில் மேசை போட்டுக் கூப்பிட்டார்கள். எழுதுகிறவர் ஏதோ கேட்டார், ஆட்டினேன். இன்னும் ஏதோ கேட்டார், அதற்கும் ஆட்டினேன். காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு என் மகள் நாகலெட்சுமி அந்தப் பிரதியை வாசித்தாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். பிறகு என் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாள்.

"ஒங்களுக்குப் பெறகு வீடு கஜேந்திரனுக்குன்னு போட்டிருக்குப்பா. நீங்களா சொன்னீங்க?"

நான் சொல்லவில்லை. ஆட்டினேன், அவ்வளவுதான்.

கஜேந்திரன் என் மகன். இருபது வருஷமாகக் கொழும்பில் இருக்கிறான். அங்கே கடை, அங்கே பெண்சாதி, அங்கே வீடு. நாகலெட்சுமி புருஷன் விட்டுப் போனவள். என்னோடு ஒரே காம்பராவில், ஒற்றை அறையில், இருந்துகொண்டு கொழுந்து எடுத்துக் கஞ்சி ஊற்றுகிறவள். போன மழையில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் வெடித்துப் பிளந்தது. இனி இங்கே குடியிருக்கக் கூடாது என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆக, அந்தப் புது வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

அப்புறம் ஒரு கடிதம் வந்தது. பெயரை உறுதிப்படுத்தும் கடைசி விசாரணை. வீட்டுக்காரர் நேரில் வந்து தன் வாயால் சொல்ல வேண்டும். அவருக்குக் கேள்வி விளங்காவிட்டால், கூட வரும் உறவினர் அவருக்காகச் சொல்லலாம். அதன் பிறகு ஒரு பெயரும் மாற்ற முடியாது.

அதற்காகத்தான் காது கிளினிக்குக்குப் போனோம். இரண்டு தரம் அலைந்தோம். காதுக்குள் பசை மாதிரி ஒன்றை ஊற்றி அச்சு எடுத்தார்கள். அடுத்த தரம் மெஷினைக் கொடுத்தார்கள். காதுக்குப் பின்னால் கொக்கி மாதிரி ஒன்று, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் காதுக்குள் அமுக்கும் அச்சு. சிவப்புப் புள்ளி வைத்தது, வலது காதுக்கு. ஷாமிலா என்ற சின்னப் பெண்தான் போட்டுக் காட்டினாள். நிறையச் சொன்னாள். ஒரு பேப்பரும் கொடுத்தாள். எனக்குப் பேப்பர் என்றாலே பயம். மடித்து டின்னுக்குள் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மெஷினைக் கழற்றி அதே டின்னில் வைத்து மூடினேன்.

"போட்டுப் பழகுங்கப்பா" என்று நாகலெட்சுமி கையைக் காட்டிச் சொன்னாள்.

"தீவாளி வேட்டிய தெனமுமா கட்டுறோம்? விசாரணைக்குக் கட்டிக்கிட்டாப் போதும். புதுசா இருக்கட்டும்" என்றேன்.

பெட்டரி ஒரு அட்டையில் ஆறு இருந்தது. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரேஞ்ச் ஸ்டிக்கர். ஒருமுறை டவுனில் டோர்ச்சுக்கு வாங்கிய பெட்டரி, பழசுக்குப் புதுச் சட்டை போட்ட பெட்டரி. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ஸ்டிக்கருக்கு அடியில் என்னத்தை மறைக்கிறான் என்று ஒன்றை உரித்தேன். பார்த்தால் ஓட்டை. ஊசி குத்திய மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள். அடுத்ததை உரித்தேன், அதிலும் ஓட்டை. ஆறையும் உரித்தேன். ஆறும் ஓட்டை. திருட்டுப் பயல்கள் என்று திட்டிக்கொண்டு ஸ்டிக்கர்களைத் திரும்ப ஒட்டி டின்னை மூடினேன். அப்போது விசாரணைக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது.

விசாரணைக்குப் பதினாறு நாள் இருக்கும்போது டின்னைத் திறந்தேன். பெட்டரியைப் போட்டு மெஷினைக் காதில் மாட்டினேன். ஒன்றும் இல்லை. அடுத்ததைப் போட்டேன். ஆறையும் மாற்றி மாற்றிப் போட்டேன். செத்த எலி மாதிரிக் கிடந்தது மெஷின்.

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிக் கிளினிக்குக்குப் போனேன். நாகலெட்சுமி ஒரு நாள் பேரை, அன்றைய கூலியை, விட்டுவிட்டு என் பின்னால் வந்தாள். ஷாமிலாவின் மேசையில் பெட்டரியைக் கொட்டினேன்.

"ஓட்ட பெட்டரியக் குடுத்து ஏமாத்துறீங்களா? கெழவன், காடு மேட்டுல இருக்கிறவன், எவன் வந்து கேக்கப் போறான்னுதானே?"

எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றதைப் பார்த்துத்தான் விளங்கியது.

அந்தப் பெண் கோபப்படவில்லை. ஒரு பெட்டரியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். சுருங்கிக் கிடந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள். மகளிடம் ஏதோ கேட்டாள். மகள் என்னைக் காட்டினாள். பிறகு ஷாமிலா மேசை லாச்சியை இழுத்து அதிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்து, என் கண் முன்னால் ஒரே ஒரு பெட்டரியின் ஸ்டிக்கரை உரித்தாள். உரித்ததை உடனே போடவில்லை. மேசையில் வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைக் காட்டி ஒரு விரலை நீட்டினாள். ஒரு நிமிஷம். பிறகு மெஷினின் சின்னக் கதவைத் திறந்து, கூட்டல் குறி போட்ட தட்டைப் பக்கம் மேலே தெரிய வைத்து மூடி, என் காதில் மாட்டினாள்.

அடுத்து நடந்ததை எப்படிச் சொல்ல? தகர வாளிக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. ஃபேன் சத்தம். கதிரை இழுபடும் சத்தம். யாரோ இருமினார்கள், என் முதுகிலேயே இருமின மாதிரி.

"தாத்தா, கேக்குதா?"

"மெதுவாப் பேசு புள்ள!" என்றேன். அந்தக் குரல் யாருடையது என்று திரும்பிப் பார்த்தேன். என்னுடையதுதான்.

"அந்த ஓட்ட வழியாத்தான் தாத்தா பெட்டரி மூச்சு விடும். காத்துப் பட்டாத்தான் அதுக்கு உசிரு. ஸ்டிக்கர உரிச்சதும் அதோட நாள் ஓட ஆரம்பிச்சிரும். நீங்க போட்டாலும் போடாட்டியும் ஓடும். திரும்ப ஒட்டினாலும் நிக்காது."

"அப்ப ஆறையும் நானேதான் கொன்னேனா?"

"ஆமா" என்றாள். "பேப்பர்ல எழுதியிருந்துச்சே. வாசிக்கலையா?"

"இவரு பேப்பரப் பாத்தா பாம்பப் பாத்த மாதிரி ஓடுவாரு மிஸ்" என்றாள் என் மகள். அவள் குரல் எனக்குத் தெரிந்த குரலாக இல்லை. நான் நினைவில் வைத்திருந்தது இருபது வயதுப் பெண்ணின் குரல்.

விசாரணை எப்போது என்று ஷாமிலா கேட்டாள். சொன்னேன். அவள் முகம் மாறியது.

"பதினஞ்சு நாள்தான் இருக்கா? தாத்தா, கேக்கிறது காது இல்ல, மூளை. இத்தன வருசமா சத்தமே இல்லாம இருந்த மூளைக்கு எது வேணும், எது வேணான்னு பிரிக்கத் தெரியாது. இன்னைக்கு அந்த விசாரணை மண்டபத்துல போய் உக்காந்தீங்கன்னா மழையும் பேச்சும் ஒண்ணாத்தான் கேக்கும்."

"அப்ப வேலைக்கு ஆகாதா?"

"முழுசாப் பழக மாசக்கணக்கு ஆகும். ஆனா ஒரு ஆளு முன்னால இருந்து பேசினா வெளங்குற அளவுக்கு வரலாம். இன்னைக்கே தொடங்கணும். ஒரு நாளும் விடக் கூடாது."

அவள் சொன்னதை இந்த முறை மகள் எழுதிக்கொண்டாள். முதலில் வீட்டுக்குள், சத்தமில்லாத நேரம், ஒரு ஆளோடு ஒரு மணி, இரண்டு மணி நேரம் மட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். விளங்கவில்லை என்று சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. ஆளின் முகம் தெரிய உட்கார வேண்டும். சத்தம் வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்ட வேண்டும். மெஷினில் தண்ணீர் படக் கூடாது, குளிக்கும்போதும் மழையிலும் கழற்ற வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு தொடக் கூடாது. காதுக்குள் போகும் அச்சை மட்டும் கழற்றி இளஞ்சூட்டுச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். குழாயில் ஈரமில்லாமல் ஊதிக் காயவைத்த பிறகுதான் திரும்பப் பூட்ட வேண்டும். படுக்கும்போது பெட்டரிக் கதவைத் திறந்து வைத்து, ஈரம் இழுக்கும் பொட்டலம் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும்.

"அடுப்புக்கு மேல பரண்ல வைக்கிறேனே. நாங்க எல்லாம் அங்கதான் காயப் போடுவோம்" என்றேன்.

"தாத்தா, அது கருவாடு இல்ல" என்றாள் ஷாமிலா. வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது எனக்கு.

புது அட்டையில் மீதி ஐந்து பெட்டரி. நாகலெட்சுமி அதை என்னிடம் தரவில்லை.

அந்தப் பதினைந்து நாளும் நரகம். பீங்கான் கோப்பையைக் கல்லில் வைத்தால் மண்டைக்குள் வெடித்தது. தகரத்தில் காகம் நடந்தால் ஆள் நடக்கிற மாதிரி இருந்தது. ரொட்டியைக் கடித்தால் என் தாடையே ரோலர் மெஷினாகச் சுற்றியது. இரண்டாம் நாள் காதுக்குள் விசில் அடித்தது. மெஷின் கெட்டுவிட்டது, மறுபடி ஏமாற்றிவிட்டார்கள் என்று குதித்தேன்.

நாகலெட்சுமி என் கம்பளித் தொப்பியைத் தலையிலிருந்து உருவினாள். விசில் நின்றது.

"தொப்பிய அது மேல போட்டு அமுக்குனா கத்தாம என்னா செய்யும்?" என்றாள். "அச்சையும் ஒழுங்காத் திருகி உள்ள தள்ளுங்க."

"குளிருதுடி."

"காதுக்கு மேல நிக்கிற மாதிரிப் போடுங்க. வீடு வேணுமா, தொப்பி வேணுமா?"

நாலாம் நாள் கழற்றி எறியப் பார்த்தேன். அவள் எதிரே உட்கார்ந்து, கடிதத்தில் இருக்கும் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெயர் என்ன, லயம் எத்தனை, காம்பரா எத்தனை. ஒவ்வொரு நாள் மாலையும் அதுதான் வேலை. எட்டாம் நாள் அடுப்பங்கரையில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க அவள் கேட்டது எனக்கு விளங்கியது. ஆனால் எத்தனையோ நாள் அசதியில் பெட்டரிக் கதவைத் திறக்காமலே, மெஷின் ஓட ஓடப் படுத்துவிட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் அவள் ஃபோனைப் பலகையில் வைத்து, சத்தமாகப் போட்டுவிட்டு மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் கஜேந்திரன். நான் சுவரோரம் அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்திருப்பாள். தொப்பி காதுக்கு மேலே நின்றது. மெஷின் காதில் இருந்தது.

"விசாரணைக்கு நான் வாரேன். நீ உள்ள வராத" என்றான் அவன்.

"அப்பா பேசுவாருண்ணே. மெஷின் போட்டிருக்காரு."

"அந்த மெஷின வச்சு என்னா கேக்கப் போறாரு? நான் பக்கத்துல நின்னாப் போதும், எதக் கேட்டாலும் மண்டைய ஆட்டுவாரு. ஏற்கனவே என் பேருதானே இருக்கு. நீ சும்மா கெளப்பி விடாத. வீட்டக் கைக்கு எடுத்து யாருக்காச்சும் வாடகைக்குக் குடுத்தாலாவது ஒதவும். நீ எங்கயாச்சும் ஒரு வீட்டு வேலைக்குப் போய்த் தங்கிக்கலாம்."

கத்தி நின்றது. அவள் சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். போடவில்லை.

"சரிண்ணே" என்றாள். மறுபடி கத்திச் சத்தம்.

நான் திரும்பவில்லை. காது கேட்காத காலத்தில் இந்த வீட்டில் என்னென்ன பேச்சு நடந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன். கேட்டதை அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் விசாரணைக்கே வர மாட்டேன் என்பாள்.

விசாரணை நாள் காலையில் அவள் புதுப் பெட்டரி ஒன்றை எடுத்து வந்தாள்.

"மாத்திக்கங்கப்பா."

"எதுக்கு? இதுல இன்னும் உசிரு இருக்கு. நல்லா இருக்கிறதத் தூக்கி எறியச் சொல்றியா?"

"ரெண்டு வாரம் ஆச்சு."

"எனக்குத் தெரியும், போ."

அவள் பெட்டரியை ஸ்டிக்கரோடு என் சேர்ட் பையில் போட்டு, பையின் வாயில் ஊக்கு குத்தினாள்.

பனியும் மழையும் கலந்து கொட்டியது. மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்து மடியில் செருகிக்கொண்டு குடையில் நடந்தேன். மண்டப வாசலில் காதைத் துடைத்துவிட்டு மாட்டினேன். தகரக் கூரை மேல் மழை. நூறு ரோலர் ஒன்றாகச் சுற்றுகிற இரைச்சல். பின்வாங்கிப் போய்விடலாமா என்று கால் இழுத்தது.

கஜேந்திரன் கொழும்பிலிருந்து விடியற்காலையே வந்து வாசலில் நின்றான். காலில் புதுச் சப்பாத்து. என் கையைப் பிடித்தான்.

"ஒரு ஆளத்தான் கூட விடுவாங்களாம்" என்று தங்கச்சியிடம் சொன்னான். அவள் ஜன்னல் பக்கம் ஒதுங்கி, கொழுந்து எடுக்கும்போது போடும் கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்றாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்கள அம்மா, பெரிய உத்தியோகத்தர். பக்கத்தில் தமிழில் சொல்லவும் எழுதவும் நிரோஷன் என்ற இளவயசுக் கிளார்க். எனக்குப் போட்ட கதிரை ஓரத்தில் இருந்தது. நிரோஷன் ஃபைலுக்குள் குனிந்துகொண்டு பேசினான். மழையும் அவன் பேச்சும் ஒரே கூழாக வந்தது.

பழைய கழுத்து தானாக ஆடப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன்.

"தம்பி, இப்பிடிக் குனிஞ்சா எனக்கு வாய் தெரியல. நிமிந்து பேசுங்க. கதிரைய நான் இழுத்துக்கிறேன்."

எழுந்து கதிரையை அவனுக்கு நேரே இழுத்துப் போட்டேன். ஜன்னலுக்கு முதுகு. அந்த அம்மா புருவத்தைத் தூக்கினாள். கஜேந்திரன் என் தோளை அமுக்கினான்.

"ஒங்க பேரு?"

"அழகன்."

"லயம்?"

"அஞ்சாம் லயம். மூணாம் காம்பரா."

விளங்கியது. மழை இருந்தது, ஆனால் அவன் சொல் மழைக்கு முன்னால் நின்றது. குடும்ப அட்டை நம்பர் கேட்டான், சொன்னேன். எத்தனை பேர் குடியிருக்கிறீர்கள் என்றான். நானும் மகளும் என்றேன். எழுதினான்.

அப்போது காதுக்குள் டிங், டிங் என்று அடித்தது.

பெட்டரி சாகப் போகிறது என்ற மணி. எனக்குத் தெரியும். உடனே மாற்றியிருக்க வேண்டும். இன்னும் ஒரு கேள்விதானே, தாங்கும் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி. மீதி இருப்பதை விட மனசு வராது.

நிரோஷன் பக்கத்தைத் திருப்பினான். "ஒங்களுக்குப் பெறகு இந்த வீடு..." என்று வாயைத் திறந்தான்.

மழை நின்றது. அவன் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

மழை நிற்கவில்லை. என் காதுதான் நின்றது.

"நில்லுங்க!" என்றேன். "பெட்டரி மாத்தணும்."

மெஷினைக் கழற்றி மேசையில் வைத்தேன். சேர்ட் பையின் ஊக்கைப் பிடுங்கினேன். பெட்டரி கிடைத்தது. நுனியில்லாத விரலால் ஸ்டிக்கரின் ஓரம் அகப்படவில்லை. இடது கட்டைவிரல் நகத்தால் கிள்ளினேன், வழுக்கியது. மறுபடி கிள்ளினேன், உரிந்தது. உடனே போட்டுவிட மனசு பறந்தது. ஷாமிலா மேசையில் வைத்துக் கடிகாரத்தைக் காட்டியது நினைவுக்கு வந்தது. இருக்கிறது இந்த ஒன்றுதான். அவசரத்தில் மூச்சு விடாமல் போட்டு, இதுவும் பாதியில் மயங்கினால் இரண்டாவது இல்லை.

கடிகாரம் என்னிடம் இல்லை. எங்கள் ரோலர் நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று. முப்பத்தெட்டு வருஷம் அது என் உடம்புக்குள் சுற்றியது. பெட்டரியை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மனசுக்குள் ரோலரைச் சுற்றவிட்டேன். ஒன்று. இரண்டு. மூன்று.

பத்தாவது சுற்றில் கஜேந்திரன் மேசைப் பக்கம் குனிந்தான். அவன் உதடுகள் வேகமாக அசைந்தன. என்னைக் காட்டினான், தன் காதைத் தொட்டான், கையை விரித்தான். இதற்கு வார்த்தை கேட்கத் தேவையில்லை.

இருபதாவது சுற்றில் அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நிரோஷனுக்குத் தலையசைத்தாள். நிரோஷன் என்னைப் பார்த்து ஏதோ கேட்டான். புருவம் மேலே போனது, 'அப்படித்தானே?' என்று கேட்கும் முகம். கஜேந்திரன் என் தோளைத் தட்டி, சிரித்து, தன் தலையை ஆட்டிக் காட்டினான். சின்னப் பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி.

என் கழுத்து இழுத்தது. எத்தனை வருஷப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

இருபத்தைந்து. நிரோஷனின் பேனை பேப்பரில் இறங்கியது. எழுத ஆரம்பித்தது.

வலது கையைத் தூக்கி அந்தப் பேப்பர் மேல் வைத்தேன். பேனையும் கைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. நிரோஷன் இழுத்தான். நான் அழுத்தினேன். அந்த அம்மா எழுந்து நின்றாள், முகம் சிவந்தது. கஜேந்திரன் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான். ரோலர் வேலைக்காரன் கை அது. வரவில்லை.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. இடது உள்ளங்கையில் பெட்டரி சின்னதாகக் கிடந்தது. அது மூச்சு விடுகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு பெண் சொன்னாள், நம்பினேன். நான் ஒருத்தரை நம்பி எத்தனையோ காலம்.

நாற்பத்தைந்து.

பேப்பர் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் மெஷினை எடுத்தேன். செத்த பெட்டரியை வெளியே தட்டினேன். புதியதை வைத்தேன். கதவு மூடவில்லை. அமுக்கப் போன விரலை நிறுத்தினேன். பலவந்தம் பண்ணினால் உடையும் என்று ஷாமிலா சொல்லியிருந்தாள். பார்த்தால் தலைகீழ். திருப்பினேன், கூட்டல் குறி மேலே. கதவு சின்னச் சொடுக்கோடு மூடியது, விரலில் தெரிந்தது. அச்சைத் திருகிக் காதுக்குள் தள்ளினேன்.

ஒன்றும் இல்லை.

பிறகு மழை வந்தது. இவ்வளவு நல்ல இரைச்சலை நான் கேட்டதில்லை. அதற்கு முன்னால் என் மகனின் குரல்.

"...அதான் மிஸ் சொல்றேன், அவருக்கு ஒண்ணும் வெளங்காது. வயசு போயிருச்சு. மகன் நானே சொல்றேன்ல, எழுதுங்க..."

"வெளங்குது" என்றேன்.

என் முழங்கையைப் பிடித்திருந்த அவன் கை தானாகக் கழன்றது.

முழங்கையை எடுத்தேன். "தம்பி, நான் காதில்லாம இருந்த நேரத்துல எழுதினீங்களே, அத வாசிங்க."

நிரோஷன் அந்த அம்மாவைப் பார்த்தான். அவள் உட்கார்ந்தாள், தலையசைத்தாள்.

"'எனக்குப் பின் உரியவர், மகன் க...' அதோட நிக்குது."

"க-வோடயே நிக்கட்டும். வெட்டுங்க."

"அப்பா, என்னா இது, எல்லாரும் பாக்குறாங்க" என்றான் கஜேந்திரன்.

"பாக்கட்டும். போன தடவ யாரும் பாக்கல."

அந்த அம்மா நிரோஷனைக் கையமர்த்திவிட்டு நேராக என்னிடமே கேட்டாள். நிதானமாக, என் முகத்தைப் பார்த்து, சிங்களத்தில். உங்களுக்குப் பிறகு யார்?

"மகே துவ" என்றேன். என் மகள். "நாகலெட்சுமி. அந்தா, ஜன்னலுக்கு வெளிய நனையிறாளே, அவ."

ஏன் என்று கேட்டாள்.

"அந்த வீட்டுல குடியிருக்கப் போறவ அவதான். இவனுக்குக் கொழும்புல வீடு இருக்கு. மூணு வருசத்துக்கு முன்னால நீங்க கேட்டது எனக்குக் கேக்கல, சும்மா தலைய ஆட்டினேன். அது என் தப்பு. இன்னைக்குக் கேக்குது."

நிரோஷன் வெட்டினான், எழுதினான், வாசித்தான். மறுபடி வாசிக்கச் சொன்னேன். மூன்றாம் தரமும் வாசிக்கச் சொன்னேன். சலித்துக்கொண்டே வாசித்தான். வெட்டிய இடத்தில் அந்த அம்மா கையெழுத்து வைத்தாள். கீழே நான் வைத்தேன்.

உரித்த ஸ்டிக்கர் ஃபைல் அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் கிள்ளி எடுத்துப் பையில் போட்டேன். என் கடுதாசியில் தேவையில்லாமல் ஒன்றும் ஒட்டியிருக்கக் கூடாது. செத்த பெட்டரி மேசைக்கு அடியில் உருண்டு கிடந்தது. அதையும் குனிந்து எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் கைக்குப் போனால் விழுங்கிவிடும், ஆபத்து என்று ஷாமிலா சொல்லியிருந்தாள்.

வாசல் படியில் கஜேந்திரன் என்னை மறித்தான்.

"எப்ப இருந்துப்பா ஒங்களுக்கு இவ்வளவு நல்லாக் கேக்குது?"

"நீ ஃபோன்ல பேசுன அன்னைலருந்து."

அவன் முகம் வெளுத்தது. பிறகு வாயைத் திறந்தான். பெரிதாக ஏதோ சொல்லத்தான் வந்தான். ஆனால் படிக்கு வெளியே மழை. நான் மெஷினைக் கழற்றி, கதவைத் திறந்து, துணியில் துடைத்து டப்பாவில் வைத்து மூடினேன். அவன் கை வீசி வீசிப் பேசினான். அது நியாயமோ, திட்டோ, எனக்குத் தெரியாது. முடிந்ததும் காருக்குப் போய்விட்டான்.

ஜன்னல் பக்கமிருந்து நாகலெட்சுமி ஓடி வந்தாள். முகமெல்லாம் தண்ணீர். உதடு அசைந்தது. மெஷின் இல்லாமலே அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

தலையை ஆட்டினேன்.

அவள் நம்பவில்லை. என் தலையாட்டலை நம்பி அவள் ஏற்கனவே பட்டவள். டப்பாவைக் காட்டி, அதைப் போடச் சொல்லிக் கையை ஆட்டினாள். உள்ளே, கூரைக்குக் கீழே, என்னை இழுத்துப் போனாள். காதைத் துடைத்துவிட்டு மெஷினை மாட்டிக்கொண்டேன்.

"என்னா எழுதுனாங்க? அவங்க எழுதுனத அப்பிடியே சொல்லுங்க."

சொல்லுக்குச் சொல் சொன்னேன். மூன்று தரம் வாசிக்கக் கேட்டது வீண் போகவில்லை.